அட்வான்ஸ் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

மதுரையில் புதிதாகத் துணிக்கடை வைக்கும் ஒருவர், தீபாவளிக்கு 500 டி-ஷர்ட் வாங்கத் திருப்பூரில் அறிமுகமில்லாத ஒரு கம்பெனியை அணுகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "கேட்லாக் அனுப்புங்க சார்" என்றதும் வாட்ஸ்அப்பில் முப்பது படங்கள் வந்து விழும். படத்தில் நிறம் தெரியும், துணி தெரியாது. அது முழுப் பருத்தியா கலப்பா, எத்தனை ஜிஎஸ்எம், ஒவ்வொரு சைஸுக்கும் மார்பு அகலமும் நீளமும் எத்தனை அங்குலம் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. 180 என்று சொல்லி 160 அனுப்பினால், கேட்பதற்கு நம் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும்.

விலைப்பட்டியலில் எண்ணைவிட அதன் கீழே இருக்கும் குறிப்பு முக்கியம். ஒரு கம்பெனி 165 ரூபாய் என்கிறது. 5 சதவீத ஜிஎஸ்டி தனி, லாரி வாடகையும் தனி. வாடகை 1,500 ரூபாய் என்றால், ஒரு டி-ஷர்ட் கடைக்கு வந்து சேரும்போது 176 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. 175 ரூபாய் கேட்ட இன்னொரு கம்பெனி, வரியும் வாடகையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது. அதிக விலை சொன்னவரே மலிவு. நூல் விலை அடிக்கடி மாறுவதால், இந்த விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் குறைந்தது எத்தனை பீஸ் எடுக்க வேண்டும் என்பதையும் கூடவே கேட்டுவிட வேண்டும்.

பெரும்பாலும் சிக்கல் வருவது நாள் கணக்கில்தான். "21 நாளில் கொடுத்துடலாம்" என்பார்கள். எந்த நாளிலிருந்து? நாம் எண்ணுவது ஆர்டர் சொன்ன தேதியிலிருந்து. அவர்கள் எண்ணுவது அட்வான்ஸ் வந்து, சாம்பிளுக்கு நாம் சரி சொன்ன தேதியிலிருந்து. சாம்பிள் போய் வர ஒரு வாரம் ஆகும். அந்த 21 நாளும் வேலை நாள் என்றால் ஞாயிறுகள் சேர்ந்து கிட்டத்தட்ட 25 ஆகிவிடும். ஆக, நமக்கு அது ஒரு மாதத்துக்கும் மேல்.

நிறத்தைப் பொறுத்தும் நாள் மாறும். கறுப்பு, வெள்ளை, நேவி ப்ளூ போன்றவை பலரிடம் தயாராக இருக்கும். நாம் கேட்கும் தனி நிறத்துக்குச் சாயப்பட்டறை போக வேண்டும். நூறு டி-ஷர்ட்டுக்கு ஏறக்குறைய 25 கிலோ துணி போதும். அவ்வளவு சிறிய அளவைத் தனியாகச் சாயமிடப் பட்டறைகள் தயங்கும், அதே நிறத்தில் வேறு ஆர்டர் வரும்வரை காக்க வைக்கும். ஆகவே, "ரெடி ஸ்டாக் எது, செய்து தருவது எது, இரண்டுக்கும் தனித்தனியாக எத்தனை நாள்?" என்று பிரித்துக் கேட்பதே சரி. தீபாவளி விடுமுறையில் தையல் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதால், கம்பெனி என்று மூடி என்று திறக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் போனில் பேசி முடித்த கையோடு ஒரே மெயிலாக எழுதிக் கேளுங்கள். பதிலில், சரக்கு உங்கள் கடைக்கு வந்து சேரும் தேதி இல்லையென்றால் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள்.