மூன்று விநாடி மௌனம்

கேள்வி கேட்ட ஆசிரியர், பதிலுக்கு ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்று 1970களில் கண்டறிந்தவர் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ. குறைந்தது மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன. காரணமும் சேர்ந்து வருகிறது. இந்தப் பழக்கத்தைச் சக ஆசிரியர்களுக்கு ஒரு மணி நேரத்தில் பயிற்றுவிக்கலாம்.

முதல் 10 நிமிடம் விளக்கம். அடுத்த 10 நிமிடம் நடத்துபவரே செய்துகாட்ட வேண்டும். “காற்றடிக்கும் நாளில் ஈரத்துணி ஏன் சீக்கிரம் காய்கிறது?” என்று கேட்டு, மனதுக்குள் மூன்று எண்ணுகிறார். “காற்று இழுத்துக்கொண்டு போகுது” என்று பதில் வந்ததும் “சரி” என்று சொல்லிவிடாமல், மீண்டும் மூன்று விநாடி பொறுக்கிறார். “எதை இழுக்குது? துணிமேல் இருக்கிற ஈரக்காற்றையா?” என்று அடுத்தவர் தொடர்கிறார்.

பிறகு 30 நிமிடம் மூவர் மூவராகப் பயிற்சி: ஒருவர் கேட்பார், ஒருவர் பதில் சொல்வார், மூன்றாமவர் கடிகாரம் பார்ப்பார், பத்து நிமிடத்துக்கொருமுறை பொறுப்பு மாறும். மௌனம் தாங்காமல் கேள்வியையே மாற்றிக் கேட்பதுதான் வழக்கமான தவறு. கடைசி 10 நிமிடத்தில் நாளைய பாடத்துக்கு இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளட்டும். வாய்ப்பாடு போன்ற நினைவுக் கேள்விகளுக்கு இது தேவையில்லை.

இரண்டு வாரம் கழித்து, சக ஆசிரியர் ஒருவர் வகுப்பில் அமர்ந்து விநாடிகளைக் குறித்துத் தரவேண்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பழைய அவசரம் திரும்பிவிடும்.