எல்லா போனும் ஏன் அலறவில்லை?

தீபத்தன்று திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், நீங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ் நெரிசலில் தாமதமாகலாம். ஆனால் அபாய எச்சரிக்கை மட்டும் எப்படி உடனே வரும்?

எஸ்எம்எஸ் ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் போகும். கூட்டம் கூடினால் வரிசையில் காத்துக் கிடக்கும். ‘செல் பிராட்காஸ்ட்’ எச்சரிக்கைக்கு யாருடைய எண்ணும் வேண்டாம். திருவிழா ஒலிபெருக்கி மாதிரி, டவர் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லா போனுக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிடும். 2023-இல் தமிழ்நாட்டில் நடந்த சோதனையில் போன்கள் சட்டென்று அலறியது இப்படித்தான்.

சில போன்கள் மட்டும் ஏன் சும்மா இருந்தன? இந்த வசதி இல்லாத பழைய போனாக இருக்கலாம். செட்டிங்ஸில் எச்சரிக்கையை அணைத்தும் வைத்திருக்கலாம். இன்னொன்று, போனை ஆஃப் செய்திருந்தாலும் எஸ்எம்எஸ் பிறகு வந்து சேரும். இந்த எச்சரிக்கையோ, ஒலிபரப்பு முடிந்துவிட்டால் வராது.

செட்டிங்ஸில் ‘எமர்ஜென்சி அலர்ட்ஸ்’ ஆன் ஆகியிருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்களேன்!