போன பணம் எங்கே நிற்கிறது?

மதுரையில் இருக்கும் அக்கா, கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் தம்பிக்கு யுபிஐ வழியாக 2,000 ரூபாய் அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு ஒரு வங்கி, அவனுக்கு வேறொரு வங்கி. ரகசிய எண்ணைப் போட்டதும் திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் 'நிலுவையில் உள்ளது' என்று வந்து நிற்கிறது. இதற்குள் கணக்கில் 2,000 ரூபாய் கழிந்ததாகக் குறுஞ்செய்தியும் வந்துவிட்டது.

"அக்கா, இன்னும் வரலையே."

"எனக்கு எடுத்துட்டாங்கடா. மெசேஜே வந்துருச்சு."

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அப்படியானால் பணம் எங்கே? வழியில் எங்கேயும் சிக்கிக் கிடக்கவில்லை, ஏனென்றால் வழியில் பணம் என்று எதுவும் பயணிக்கவே இல்லை. பயணித்தவை செய்திகள் மட்டும். அக்காவின் ஆப்பிலிருந்து கிளம்பிய கோரிக்கை, நடுவில் இருக்கும் தேசியப் பணக்கொடுப்பனவுக் கழகமான என்.பி.சி.ஐ.க்குப் போகிறது. என்.பி.சி.ஐ. முதலில் அக்காவின் வங்கியைப் பார்த்து 'கழி' என்கிறது. 'கழித்துவிட்டேன்' என்று பதில் வந்ததும் தம்பியின் வங்கியைப் பார்த்து 'சேர்' என்கிறது. நம் கதையில் இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் வரவில்லை.

பதில் வராததற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். கோரிக்கையே தம்பியின் வங்கிக்குப் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். அல்லது போய்ச் சேர்ந்து, பணமும் வரவு வைக்கப்பட்டு, பதில் மட்டும் திரும்பும்போது தொலைந்திருக்கலாம். நடுவில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி மௌனமாகத்தான் தெரியும். பணம் கைமாற்றும் மென்பொருளை எழுதுகிறவர்கள் முதலில் பழக வேண்டிய பாடம் இது: வெற்றி, தோல்வி என்ற இரண்டு நிலைகள் போதாது, 'தெரியவில்லை' என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. தெரியவில்லை என்பதைத் தோல்வி என்று எழுதிவிடும் அமைப்பில் கணக்கு என்றாவது ஒருநாள் உதைக்கும்.

தெரியாவிட்டால் மறுபடி கேட்க வேண்டியதுதானே? கேட்கலாம். ஆனால் 'சேர்' என்ற கட்டளையை அப்படியே இரண்டாம் முறை அனுப்பினால், முதல் முறையே வேலை முடிந்திருந்த பட்சத்தில் தம்பிக்கு 4,000 ரூபாய் ஏறிவிடும். இதைத் தடுக்க ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனியாக ஓர் அடையாள எண் தரப்படுகிறது. மென்பொருள்காரர்கள் ஐடெம்பொடன்சி கீ என்பார்கள். நாம் சாவி என்று சொல்லிக்கொள்வோம். அக்கா பணம் அனுப்ப உறுதிசெய்த அந்த நொடியில் சாவி பிறக்கிறது. அதன்பின் அதே பரிமாற்றம் பற்றிப் போகும் ஒவ்வொரு செய்தியிலும் அதே சாவி ஒட்டியிருக்கும். வங்கியின் சர்வர் தன் பட்டியலைப் பார்க்கிறது. புதிய சாவி என்றால் வேலையைச் செய்து, விடையையும் சாவியோடு எழுதி வைத்துக்கொள்கிறது. பழைய சாவி என்றால் வேலையைத் தொடாமல், எழுதி வைத்த விடையை மட்டும் திருப்பிச் சொல்கிறது. பத்து முறை கேட்டாலும் பணம் ஒரு முறைதான் ஏறும். யுபிஐயில் பரிவர்த்தனை எண் இந்த வேலையைச் செய்கிறது. ஸ்ட்ரைப் போன்ற கட்டண நிறுவனங்களும் இதே முறையைத்தான் கையாள்கின்றன. அங்கே சாவிகளைக் குறைந்தது 24 மணி நேரம் நினைவில் வைத்திருப்பார்கள்.

சொல்லும்போது எளிது, எழுதும்போது சறுக்கும் இடங்கள் உண்டு. முதலாவது, சாவியை எப்போது உருவாக்குவது என்பது. கோரிக்கையை அனுப்பும் ஒவ்வொரு முறையும் புதுச் சாவி உருவாகும்படி எழுதிவிட்டால் சாவி இருந்தும் பயனில்லை, ஏனென்றால் மறுமுயற்சி ஒவ்வொன்றும் புதுப் பரிமாற்றமாகிவிடும். இரண்டாவது சறுக்கல் நுட்பமானது. 'இந்தச் சாவி பட்டியலில் இருக்கிறதா' என்று முதலில் பார்த்து, இல்லையென்றால் பிறகு எழுதுவது என்று இரண்டு படிகளாக வைத்தால், ஒரே சாவியோடு இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் வந்து இரண்டுமே 'இல்லை' என்ற பதிலைப் பெற்றுவிடும். இரண்டுமே பணத்தை ஏற்றும். ஆகவே ஒரு சாவி இரண்டு முறை பதிவாக முடியாது என்ற தடை தரவுத்தளத்திலேயே இருக்க வேண்டும். சாவியைப் பதிவதும் பணத்தைப் பதிவதும் ஒரே செயலாக, இரண்டும் நடந்தால் சேர்ந்து, இல்லையென்றால் இரண்டுமே இல்லை என்று முடிய வேண்டும்.

சாவிக்கு எல்லையும் உண்டு. பொறுமையிழந்த அக்கா ஆப்பை மூடித் திறந்து மறுபடியும் 2,000 ரூபாய் அனுப்பினால், அது புதிய விருப்பம், புதிய சாவி. அதே ஆள், அதே தொகை என்பதற்காக அமைப்பு அதைத் தடுக்க முடியாது. ஒரே கடையில் ஒரே மாலையில் 15 ரூபாய்க்கு இரண்டு டீ குடிப்பவரை எப்படித் தடுப்பது?

இனி பேரேட்டுக்கு வருவோம். பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இரட்டைப் பதிவு முறை நினைவிருக்கும். லூக்கா பாச்சியோலி 1494இல் வெனிஸில் அச்சிட்டு விளக்கிய அந்த முறைதான் இன்றைய சர்வர்களுக்குள்ளும் ஓடுகிறது. அக்காவின் வங்கி அவள் கணக்கில் வெறுமனே 2,000 ரூபாயைக் குறைத்துவிடுவதில்லை. அவள் கணக்கில் 2,000 பற்று, யுபிஐ தீர்வுக் கணக்கில் 2,000 வரவு என்று ஒரே நேரத்தில் இரண்டு வரிகள் எழுதுகிறது. அந்தத் தீர்வுக் கணக்கு, மற்ற வங்கிகளுக்குக் கொடுக்க வேண்டிய தொகைகள் சேரும் இடம். எல்லா வரிகளின் பற்றும் வரவும் எப்போது கூட்டினாலும் சமமாக வர வேண்டும். எழுதிய வரியை யாரும் திருத்துவதோ அழிப்பதோ கிடையாது. பணத்தைத் திருப்பித் தர வேண்டுமானால் எதிர்ப்பதிவாக இன்னும் இரண்டு வரிகள் எழுதுவார்கள். பாஸ்புத்தகத்தில் ஒரே தொகை ஒரு முறை போய், இன்னொரு முறை வந்ததாக இரண்டு வரிகள் தெரிவது இதனால்தான். அழித்திருந்தால், என்ன நடந்தது என்று அடுத்த நாள் யாராலும் சொல்ல முடியாது.

தம்பியின் வங்கியிடமிருந்து பதில் வராதபோது என்.பி.சி.ஐ. என்ன செய்யும்? அக்காவுக்கு உடனே திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் தம்பிக்கு ஏற்கெனவே வரவாகியிருந்தால் 2,000 ரூபாய் இருவரிடமும் இருக்கும். விடுதிக் கட்டணம் கட்டிவிட்டவனிடம் எந்த வங்கி போய்த் திரும்ப வாங்கும்? ஆகவே இந்தக் கட்டத்தில் பரிமாற்றத்தை 'ஏற்கப்பட்டதாகக் கருதி' முன்னோக்கித்தான் நகர்த்துகிறார்கள். வங்கிகள் ஒன்றுக்கொன்று தர வேண்டிய தொகை ஒவ்வொரு சுற்றிலும் நிகரமாகக் கணக்கிடப்பட்டு, ரிசர்வ் வங்கியில் அவை வைத்திருக்கும் கணக்குகளில் தீர்க்கப்படுகிறது. அந்தக் கூட்டலில் இந்த 2,000 ரூபாயும் சேர்ந்து தம்பியின் வங்கிக்குப் போய்விடுகிறது. தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: பணம் தம்பியின் வங்கியிடம் இருக்கிறது, ஆனால் தம்பியின் கணக்கில் இல்லை. யாருடையது என்று இன்னும் முடிவாகாத தொகைகள் நிற்கும் அனாமத்துக் கணக்கு ஒன்றில் அது உட்கார்ந்திருக்கிறது.

கழிக்கும் கட்டத்திலேயே பதில் வராமல் போனால் கதை வேறு. அப்போது பரிமாற்றம் தோல்வி என்று முடிக்கப்பட்டு, அக்காவின் வங்கிக்கு 'கழித்திருந்தால் திருப்பிவிடு' என்று கட்டளை போகும். இதில் ஒரு குறும்பு நடப்பதுண்டு. கழிக்கும் கட்டளை சர்வரின் வரிசையில் தேங்கிக் கிடக்க, திருப்பும் கட்டளை முந்திக்கொண்டு வந்துவிடும். 'அப்படி ஒரு பரிமாற்றமே இல்லையே' என்று சர்வர் அதைத் தள்ளிவிடும். சற்று நேரத்தில் பழைய கட்டளை ஆடி அசைந்து வந்து பணத்தைக் கழித்துவிடும். முந்தி வந்த திருப்பத்தையும் அதே சாவியின் கீழ்ப் பதிந்து வைத்திருந்தால்தான், பிந்தி வரும் கழிப்பை வாசலிலேயே நிறுத்த முடியும்.

அடுத்தது சரிகட்டல். என்.பி.சி.ஐ. ஒவ்வொரு சுற்றுக்கும் தரும் கோப்பு, வங்கியின் ஸ்விட்ச் பதிவு, வங்கியின் மையக் கணக்கு ஆகிய மூன்றையும் எடுத்து வைத்து வரிக்கு வரி ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட உதவுவது 12 இலக்கக் குறிப்பு எண். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 5045 என்று தொடங்கினால் 2025 பிப்ரவரி 14. மூன்றிலும் எண்ணும் தொகையும் ஒத்துப்போகும் வரிகள் ஒதுங்கிவிடும். மிச்சம் நிற்பவைதான் வேலை. அவற்றிலும் எல்லாமே பிழையல்ல. நள்ளிரவுக்குச் சில நொடிகள் முன் நடந்த பரிமாற்றம் ஒரு கோப்பில் இன்றைய தேதியிலும் இன்னொன்றில் நாளைய தேதியிலும் இருக்கும். அதை அடுத்த சுற்றுவரை விட்டுவைத்தால் தானே பொருந்திவிடும். அவசரப்பட்டுத் திருத்தினால்தான் பிழை பிறக்கும்.

நம் 2,000 ரூபாய் என்.பி.சி.ஐ. கோப்பில் இருக்கிறது, தம்பியின் வங்கிக் கணக்கில் இல்லை. அங்குள்ள ஊழியர் தம்பியின் கணக்கில் வரவு ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று முதலில் அதே குறிப்பு எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் கையால் வரவு வைத்தால் இரட்டை வரவு ஆகிவிடும். ஏறவில்லை என்று உறுதியானபின் வரவு வைத்து, டி.சி.சி. எனப்படும் உறுதிச் செய்தியை அனுப்புவார். தம்பியின் கணக்கு முடக்கப்பட்டோ மூடப்பட்டோ இருந்தால் ரிட்டர்ன் போட்டு, பணம் அக்காவுக்கே திரும்பும். எப்படியானாலும் அனாமத்தில் நின்ற வரி எதிர்ப்பதிவால் பூஜ்யமாக வேண்டும். ஒரு வங்கியின் அமைப்பு நன்றாக இருக்கிறதா என்று அறிய, அதன் அனாமத்துக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதைவிட, அங்கே நிற்கும் மிகப் பழைய தொகைக்கு எத்தனை நாள் வயது என்று கேட்பதே சரி என்பேன்.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இந்த வயதுக்கு வரம்பு வைத்திருக்கிறது. தனிநபருக்கு அனுப்பிய யுபிஐ பணம் சேரவில்லையென்றால், பரிமாற்ற நாளுக்கு அடுத்த நாளுக்குள் பெறுபவரின் வங்கி அதைத் திருப்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது உறுதியாகவில்லையென்றால் ஐந்து நாள். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலேயே அதைத் தர வேண்டும்.

ஆகவே உங்களுக்கு இப்படி நேர்ந்தால் 'நிலுவை' மாறும்வரை இன்னொரு முறை அனுப்பாதீர்கள். பரிவர்த்தனை விவரத்தைத் திறந்து அந்த 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆப்பிலேயே புகார் பதியுங்கள். உங்கள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.