குத்தச்சில் இருப்பது யாருடைய அழுத்தம்?

2008 ஜூனில் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாயின் வடபகுதி மண்ணில் ஒரு பள்ளம் தோண்டியது. அதில் தாயக்கட்டை அளவில் சில வெள்ளைத் துண்டுகள் தெரிந்தன. நான்கு நாள் கழித்து எடுத்த படத்தில் அவற்றைக் காணோம். உப்பாக இருந்தால் இப்படி மறையாது, ஆகவே பனிக்கட்டிதான் என்று விஞ்ஞானிகள் முடிவு செய்தார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்தபடி நீரின் நிலைமை வரைபடத்தைப் பார்த்தால், அந்தப் பனி அப்படியே இருந்திருக்க வேண்டும்.

வரைபடத்தின் கிடையச்சு வெப்பநிலை, குத்தச்சு அழுத்தம். ஒரு வளிமண்டல அழுத்தத்தில், அதாவது சுமார் 1,01,300 பாஸ்கலில், கிடையாக ஒரு கோடு இழுங்கள். அது உருகுகோட்டை 0 டிகிரியிலும் கொதிகோட்டை 100 டிகிரியிலும் வெட்டும். கோட்டைக் கீழே இறக்க இறக்க, கொதிநிலை வேகமாக இடப்பக்கம் நகரும். ஊட்டியில் அது 92, 93 டிகிரிதான். உருகுகோடோ ஏறக்குறைய செங்குத்தானது, சற்றே இடப்பக்கம் சாய்ந்தது. உருகுநிலையை ஒரு டிகிரி குறைக்க 130 வளிமண்டல அளவுக்கு அழுத்த வேண்டும். கடைசியில் 611 பாஸ்கல், 0.01 டிகிரியில் இரண்டு கோடுகளும் சந்திக்கின்றன. அதுதான் மும்மைப் புள்ளி. அதற்குக் கீழே திரவமே கிடையாது.

ஃபீனிக்ஸ் நின்ற இடத்தில் காற்றழுத்தம் 800 பாஸ்கலை ஒட்டி இருந்தது. அங்கே கோடு இழுத்தால் நீர் 0 டிகிரியில் உருகி, 4 டிகிரிக்குள் கொதித்துவிடும். பனியோ மைனஸ் 30 டிகிரியிலும் அதைவிடக் குளிரிலும் கிடந்தது. திடப்பகுதியின் நடுவில் இருந்த பொருள் எப்படி மறைந்தது?

குழப்பம் குத்தச்சில்தான். வரைபடம் நீர் மட்டுமே இருக்கும் மூடிய கலத்துக்கானது; அதில் காட்டும் அழுத்தம் நீராவியின் அழுத்தம். செவ்வாய்க் காற்றின் 800 பாஸ்கலில் பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடு. நீராவியின் பங்கு மிகச் சொற்பம். மைனஸ் 30 டிகிரியில் பனியோடு சமநிலையில் நிற்க 38 பாஸ்கல் நீராவி வேண்டும். அது இல்லாததால் பனி பதங்கமாகிக்கொண்டே போனது. கொடியில் போட்ட வேட்டி 30 டிகிரியில் காய்வதும் இதே கணக்குதான்.

அப்படியானால் திறந்த பாத்திரத்தில் மட்டும் 100 டிகிரி எப்படிச் சரியாக வருகிறது என்று கேட்கலாம். கொதிக்கும்போது குமிழி நீருக்குள் உண்டாகிறது. அதன் உள்ளே இருப்பது ஏறக்குறைய நீராவி மட்டுமே. வெளியே முழுக் காற்றும் அதை அமுக்குகிறது. ஆவியின் அழுத்தம் அதற்கு ஈடாகும்வரை குமிழி நிலைக்காது. ஆகவே கொதிநிலையைப் படிக்கக் காற்றின் மொத்த அழுத்தம் போதும். உருகுகோடு செங்குத்தாக இருப்பதால் அங்கே பிழை தெரிவதே இல்லை. பதங்கமாதலிலும் ஆவியாதலிலும்தான் ஏமாறுவோம்.

ஐஸ் போட்ட சர்பத்திலும் பனி, நீர், ஆவி மூன்றும் இருக்கின்றனவே, அது மும்மைப் புள்ளி இல்லையா? இல்லை, அங்கே அமுக்குவது காற்று. மும்மைப் புள்ளிக்கான கண்ணாடிக் கலத்தில் காற்றை முழுக்க வெளியேற்றித் தூயநீரை அடைத்து, நடுக்குழாயைச் சுற்றிப் பனி உறைய வைப்பார்கள். அங்கே கிடைப்பது 0.01 டிகிரி. காற்றை உள்ளே விட்டால் அழுத்தமும் கரைந்த காற்றும் சேர்ந்து அதை 0 டிகிரிக்கு இறக்கிவிடும்.