மாவு பாக்கெட் சொல்லாமல் விடுவது

கடையில் வாங்கிய இட்லி மாவு ஒரு வாரம் மல்லிகைப்பூ இட்லி தருகிறது. அடுத்த வாரம் அதே கடை, அதே பெயர், அதே விலை. ஆனால் இட்லி தட்டையாக, புளிப்பாக வருகிறது. பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதி இன்னும் தாண்டியிருக்காது. தவறு பெரும்பாலும் அரிசியிலோ உளுந்திலோ இல்லை. அந்த மாவு எந்த நிலையில் பாக்கெட்டுக்குள் போனது, வழியில் எத்தனை மணி நேரம் குளிர் இல்லாமல் இருந்தது என்ற இரண்டு விஷயங்கள்தான் காரணம். பாக்கெட்டில் பொதுவாக எழுதாமல் விடுவதும் இவற்றைத்தான்.

மாவு பொங்குவதற்குக் காரணம் அரிசியோடும் உளுந்தோடும் கூடவே வரும் நுண்ணுயிர்கள். அவற்றில் முக்கியமானது லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியா. இது மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. உளுந்தின் வழுவழுப்பில் சிக்கிக்கொள்ளும் வாயு மாவை எழுப்புகிறது. சென்னையின் மே மாத இரவில் ஆறேழு மணி நேரத்தில் முடியும் வேலை, ஊட்டியின் டிசம்பரில் மறுநாள் மதியம் வரை இழுக்கும். எத்தனை மணி நேரம் வைத்தோம் என்பதை மட்டும் வைத்து மாவின் நிலையைச் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

கடைகளில் கிடைக்கும் மாவை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். அரைத்தவுடன் அடைத்து விற்பது ஒன்று. வாங்கிப் போய் இரவு வெளியே வைத்து நாமே புளிக்க வைக்க வேண்டும். இன்னொன்று, பொங்கவிட்டு, புளிப்பு ஏறத் தொடங்கும் நேரத்தில் குளிரில் வைத்து நிறுத்தியது. இதை வாங்கிய அன்றே ஊற்றலாம். பாக்கெட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்: 'இட்லி தோசை மாவு'. முதல் வகையை வாங்கி நேராக இட்லித் தட்டில் ஊற்றுபவருக்குக் கல் போன்ற இட்லி கிடைக்கும். இரண்டாவது வகையை மறுபடி இரவெல்லாம் வெளியே வைப்பவருக்குக் காலையில் பொங்கி வழிந்த மாவும், வாயில் வைக்க முடியாத புளிப்பும்தான் மிஞ்சும்.

புளிக்காத மாவுதான் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. புளித்த மாவில் உள்ள அமிலம் கெட்ட கிருமிகளைத் தடுக்கிறது. அரைத்த புது மாவில் அந்தத் தடுப்பு இல்லை. அது வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கடை மேசையில் கிடந்தால், அரிசியில் இருந்து வரும் சில பாக்டீரியாக்கள் பெருகி நச்சை விடலாம். அந்த நச்சில் ஒரு வகை வேகவைத்தாலும் போகாது. ஆகவே புது மாவு என்றால், ஒன்று உடனே குளிருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் சுத்தமான பாத்திரத்தில் ஒழுங்காகப் புளிக்க வேண்டும்.

ஃபிரிட்ஜில் வைத்தால் புளிப்பு நின்றுவிடும் என்பதும் பாதி உண்மைதான். 4 டிகிரியில் அது மிக மெதுவாகிறது, நிற்பதில்லை. நல்ல குளிரில் இருந்த பாக்கெட்டும் மூன்றாம் நாள் லேசாக உப்புவது அதனால்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல், மாவு குளிர எடுத்துக்கொள்ளும் நேரம். 20 லிட்டர் டிரம்மில் பொங்கிய மாவை அப்படியே குளிர் அறைக்குள் தள்ளினால், ஓரம் சீக்கிரம் குளிரும். நடுவில் உள்ள மாவு இரவெல்லாம் வெதுவெதுப்பாக இருந்து புளித்துக்கொண்டே போகும். காலையில் அந்த டிரம்மில் இருந்து அடைக்கும் முதல் பாக்கெட்டும் கடைசிப் பாக்கெட்டும் ஒரே சுவையில் இருக்காது. இது தெரிந்த தயாரிப்பாளர்கள் மாவை முதலிலேயே ஒரு கிலோ பாக்கெட்டுகளாக அடைத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், இடையில் காற்று புகும் கூடைகளில் வைத்துக் குளிர்விக்கிறார்கள்.

இனி அந்தப் பாக்கெட் பயணப்படுவதைப் பார்ப்போம். தாம்பரத்தில் ஒரு சிறு தயாரிப்பாளர் 4 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பாக்கெட்டை, குளிர்ப்பெட்டி இல்லாத இருசக்கர வண்டியில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 35 டிகிரி வெயில். தோராயமாகக் கணக்குப் போட்டால், முக்கால் மணி நேரத்தில் அந்த மாவு 13 டிகிரியை எட்டும். குரோம்பேட்டை, சேலையூர் என்று பக்கத்துக் கடைகளுக்குப் போகும் பாக்கெட்டின் நிலை இது. பெரிய கெடுதல் இல்லை. அதே வண்டி பல கடைகளில் நின்று நின்று வடபழனி போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால், மாவு 24 டிகிரிக்கு வந்திருக்கும். அந்தச் சூட்டில் பாக்டீரியா முழு வேகத்தில் வேலை செய்யும். கடைக்காரர் அதை உடனே ஃபிரிட்ஜில் வைத்தாலும், 8 டிகிரிக்கு இறங்க இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் போன இரண்டு மணி நேரம் மாவுக்கு ஐந்து மணி நேரமாகிவிடுகிறது. தாம்பரம் பாக்கெட்டுக்கும் வடபழனி பாக்கெட்டுக்கும் ஒரே 'ஐந்து நாள்' போடுவது எப்படி நியாயமாகும்? எவ்வளவு தூரம் வரை மாவை அனுப்புகிறோம் என்பது வியாபாரக் கணக்கு மட்டுமல்ல. மாவின் ஆயுளே அதில்தான் இருக்கிறது. குளிர்ப்பெட்டி வாங்க வசதி இல்லாதவர், தூரத்தைக் குறைத்துக்கொள்வதுதான் நேர்மை.

வாங்குபவர் இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பாக்கெட்டைக் கையில் எடுங்கள். சில்லென்று இல்லாவிட்டால் வைத்துவிடுங்கள். தேதி புதிதாக இருந்தும் பலூன் போல உப்பியிருந்தால், வழியில் சூடு பட்டிருக்கிறது. அது தோசைக்கு ஆகலாம், இட்லிக்கு ஆகாது. ரோஸ், கருப்பு, பச்சை என்று எந்த நிறத்தில் புள்ளி தெரிந்தாலும், மேலே வழித்துவிட்டுப் பயன்படுத்தாமல் முழுவதையும் கொட்டுங்கள். புளிப்பே இல்லாமல், இட்லி மஞ்சள் பாய்ந்து பெரிய ஓட்டைகளோடு வந்தால், ஏறிய புளிப்பை மறைக்கச் சமையல் சோடா போட்டிருக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம்.

வீட்டில் முழுப் பாக்கெட்டையும் வெளியே எடுத்து வைத்து, மிச்சத்தை மறுபடி உள்ளே வைக்கும் பழக்கம்தான் மாவை அதிகம் கெடுக்கிறது. வேண்டிய அளவை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி அரை மணி நேரம் வெளியே விட்டால் போதும். இட்லிக்கு என்றால் கரண்டியால் அடித்துக் கலக்கக் கூடாது. உள்ளே இருக்கும் வாயு போய்விடும். மாவை ஃபிரிட்ஜ் கதவில் வைக்காமல் உள்தட்டில் வையுங்கள். முதல் இரண்டு நாள் இட்லி, பிறகு தோசை, கடைசியில் வெங்காயம் போட்ட ஊத்தப்பம் அல்லது பணியாரம் என்று நம் வீடுகளில் வைத்திருக்கும் வரிசை மிகச் சரியானது.

தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசி நாள், 14 இலக்க உரிம எண் ஆகியவற்றை உணவுப் பாதுகாப்புச் சட்டம் பாக்கெட்டில் கேட்கிறது. விற்பவர்கள் அதோடு சில வரிகள் சேர்த்தால் போதும். இப்படி எழுதலாம்: "செவ்வாய் மாலை 4 மணிக்கு அரைத்தது. இரவு 11 மணி வரை பொங்கவிட்டுக் குளிர்வித்தது. மறுபடி வெளியே வைத்துப் புளிக்க வைக்க வேண்டாம். 5 டிகிரிக்குள் வைத்தால் வியாழன் வரை இட்லிக்கும், சனி வரை தோசைக்கும் ஆகும். குளிர்ப்பெட்டியில் மட்டுமே அனுப்புகிறோம். ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர முடியாத இடங்களுக்கு அனுப்புவதில்லை." உங்கள் தெரு மாவுக்கடைக்காரரிடம் அடுத்த முறை பாக்கெட் வாங்கும்போது, எப்போது அரைத்தது, புளித்ததா புளிக்காததா என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.