சுங்குடிப் புள்ளி கலங்காமல் தெரிய

கைபேசியில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் பொதுவாக 4000 பிக்சல் நீளமும் 3000 பிக்சல் அகலமும் கொண்டது. வாங்குபவர் கையில் இருக்கும் விலை குறைந்த கைபேசியின் திரையோ பல நேரம் 720 பிக்சல் அகலம்தான். கடைப் பக்கத்தில் பொருள்கள் இரண்டிரண்டாக வரிசைகட்டி வந்தால், ஒவ்வொரு படத்துக்கும் 360 பிக்சலுக்கும் குறைவாகவே இடம் கிடைக்கும். படம் மங்கலாக இருப்பதாகத் தோன்றினால் முதலில் கேமராவின் மேல்தான் சந்தேகம் வருகிறது. ஆனால் நல்ல கேமராவில் எடுத்த படமும் இந்தச் சுருக்கத்தில் மங்கிவிடும்.

படத்தைச் சுருக்கும்போது பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து சராசரி எடுத்துத்தான் ஒரு புதிய பிக்சல் உருவாகிறது. மதுரைச் சுங்குடிச் சேலையில் அடர்ந்த அரக்கு நிறத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். புள்ளியின் ஓரத்தில் வெள்ளையும் அரக்கும் கலந்து இடைப்பட்ட ஒரு நிறம் வந்துவிடும். முன்பு சட்டென்று மாறிய விளிம்பு இப்போது படிப்படியாக மாறுகிறது. கண் அதையே மங்கல் என்று உணர்கிறது.

அந்த விளிம்பை மீண்டும் எடுப்பாகக் காட்டும் வேலையைப் பெரும்பாலான மென்பொருள்கள் Unsharp Mask என்ற முறையில் செய்கின்றன. பிலிம் காலத்து இருட்டறையிலேயே இந்த முறை இருந்தது. மென்பொருள் படத்தின் பிரதி ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, மூலப்படத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடித்து, அந்த வேறுபாட்டை மூலப்படத்தோடு கூட்டுகிறது. விளிம்பின் வெளிச்சப் பக்கம் இன்னும் வெளுக்கிறது, இருண்ட பக்கம் இன்னும் கறுக்கிறது. படத்தில் இல்லாத விவரம் எதுவும் இதனால் புதிதாக வந்துவிடாது. இருக்கும் வேறுபாடு சற்று மிகைப்படுத்தப்படுகிறது, அவ்வளவுதான்.

இதில் மூன்று அளவுகள் உண்டு. Radius என்பது அந்த மிகைப்படுத்தல் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் பரவுகிறது என்பது. Amount அதன் வலிமை. Threshold என்பது எவ்வளவு சிறிய வேறுபாடுகளைத் தொடாமல் விட வேண்டும் என்பது. தவறு அதிகம் நடப்பது Radius அளவில்தான். கணினியின் பெரிய திரையில் முழுப் படத்தையும் பார்த்தபடி கூர்மை கூட்டுபவர், மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று Radius அளவை ஏற்றிக்கொண்டே போவார். அதே படம் கைபேசிக்குப் போகும்போது ஒவ்வொரு பொருளையும் சுற்றி ஒரு வெளிறிய கோடு நிற்கும்.

சுங்குடிச் சேலையையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மடித்து வைத்த சேலையில் 45 சென்டிமீட்டர் அகலம் 3000 பிக்சலில் பதிந்திருந்தால், 3 மில்லிமீட்டர் புள்ளி ஒன்று 20 பிக்சல் அகலம் இருக்கும். படத்தை 1080 பிக்சலுக்குச் சுருக்கினால் புள்ளி 7 பிக்சலாகும். திரை முழுவதையும் அடைக்கும் 720 பிக்சலில் அது 5-க்குச் சற்றுக் குறைவு. இரட்டை வரிசைச் சிறுபடத்தில் இரண்டரைப் பிக்சல்கூடத் தேறாது. ஆகவே மூலப்படத்தில் ஒரு பிக்சல் Radius வைத்துக் கூர்மையாக்கினால், அந்த விளைவு சுருக்கத்தில் சராசரியோடு சராசரியாகக் கரைந்துபோகும். மாறாக, சுருக்கிய படத்தில் 3 பிக்சல் வைத்தால் ஏழு பிக்சல் புள்ளியைச் சுற்றிக் கறுப்பு வளையம் படர்ந்து, துணி அச்சடித்த காகிதம்போலத் தோன்றும்.

இதிலிருந்து வேலையின் வரிசை கிடைக்கிறது. முதலில் வெட்ட வேண்டும், அடுத்து நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்ய வேண்டும், அதன் பிறகு கடைக்கு வேண்டிய அளவுக்குச் சுருக்க வேண்டும். கூர்மையாக்குவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். இலவச மென்பொருளான GIMP 2.10-இல் Image மெனுவின் Scale Image மூலம் படத்தை 1080 பிக்சலுக்குக் கொண்டுவந்து, படத்தின் அடுக்கைப் பிரதி எடுத்து, Filters > Enhance > Sharpen (Unsharp Mask) என்பதைத் திறக்கலாம். அங்கே Radius 3 என்று வந்து நிற்கும். துணிக்கு 0.6 அல்லது 0.7 போதும். Amount 0.7 அளவிலும் Threshold 0.01 அளவிலும் தொடங்கலாம். பிரதி அடுக்கின் கலப்பு முறையை LCh Lightness என்று மாற்றினால் வெளிச்சம் மட்டும் கூர்மையாகும், விளிம்புகளில் வேண்டாத நிறம் கசியாது. மிகையாகத் தோன்றினால் அந்த அடுக்கின் Opacity அளவைக் குறைத்தால் போதும், வேலையை மறுபடி தொடங்க வேண்டியதில்லை.

மிகையை எப்படிக் கண்டுபிடிப்பது? படத்தை 100 சதவீத அளவில் வைத்து, பொருளும் பின்னணியும் சந்திக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். தூய வெள்ளைப் பின்னணி இதில் ஏமாற்றும். வெள்ளை அதற்கு மேல் வெளுக்க முடியாததால் வெளிறிய கோடு மறைந்துவிடும், பொருளின் பக்கத்துக் கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சும். சந்தன நிறச் சேலையின் ஓரம் பென்சிலால் வரைந்ததுபோல் இருந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். நிழல் விழுந்த மடிப்புகளில் குருணை குருணையாகத் தெரிந்தால், துணி அல்ல, கேமராவின் இரைச்சல்தான் கூர்மையாகியிருக்கிறது. அப்போது Threshold அளவைச் சற்று ஏற்ற வேண்டும். மெல்லிய பருத்தி முரட்டுத் துணிபோலத் தெரியும் படம் வாங்குபவரைத் தவறாக வழிநடத்துகிறது. எடுப்பாக இருக்கிறது என்பதற்காக அதை ஏற்கக் கூடாது.

கூர்மையாக்கலால் தீராத மங்கல்களும் உண்டு. கை அசைந்து எடுத்த படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். அதை மறுபடி எடுப்பதே வழி. நிற மங்கல் இன்னொரு வகை. JPEG கோப்பு பெரும்பாலும் நிறத்தின் விவரத்தை வெளிச்சத்தின் விவரத்தைவிடக் குறைவாகவே சேமிக்கிறது. அரக்கின் மேல் வெள்ளைப் புள்ளி வெளிச்சத்தில் வேறுபடுவதால் தப்பித்துவிடும். சிவப்புக் கரையில் ஏறக்குறைய அதே அடர்த்தியுள்ள பச்சைக் கோடு இருந்தால் அதன் ஓரம் கசங்கித்தான் தெரியும். வெளிச்சத்தை மட்டும் கூர்மையாக்குவதால் அங்கே பெரிய பயன் இராது. அதுபோல, இரண்டரைப் பிக்சலுக்கு ஒடுங்கிய புள்ளியை எந்த அளவும் மீட்டுத் தராது. முதல் படத்தில் கரையையும் முந்தானையையும் பெரிதாகக் காட்டி, புள்ளியின் அழகுக்கு ஓர் அண்மைப் படத்தைத் தனியாகச் சேர்ப்பதே அதற்குத் தீர்வு.

முடித்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது மறுபடி சுருங்கி இறுகும். கூர்மையான விளிம்புகளைச் சுற்றி அழுக்குபோன்ற சிறு புள்ளிகள் தோன்றும். பதிவேற்றும் வேலையை இன்னொருவர் செய்வதானால், படத்தை Document ஆக அனுப்புவது நல்லது. கடைத் தளமும் தன் பங்குக்கு ஒருமுறை சுருக்கும் என்பதால், அது கேட்கும் அளவிலேயே கொடுத்தால் சேதம் குறையும்.

ஒரே வெளிச்சத்தில் எடுத்த ஐம்பது படங்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை. ImageMagick 7 உள்ள கணினியில் output என்ற உறையை உருவாக்கிவிட்டு, படங்கள் இருக்கும் இடத்தில் இதை இயக்கலாம்:

```
magick mogrify -path output -auto-orient -resize 1080x1080 -unsharp 0x0.6+0.7+0.01 -quality 85 *.jpg
```

இதில் 0.6 என்பது Radius அளவுக்கும், 0.7 Amount அளவுக்கும், 0.01 Threshold அளவுக்கும் இணையானவை. மூலப்படங்கள் மாறாமல் இருக்கும். ஐம்பதையும் பதிவேற்றும் முன், வெளிர் நிறத்தில் ஒன்றும் அடர் நிறத்தில் ஒன்றும் எடுத்து, 720 பிக்சல் திரையுள்ள கைபேசியில் கடைப் பக்கத்தின் வழியாகவே திறந்து பார்க்க வேண்டும். ஒருமுறை அறைக்குள்ளும் ஒருமுறை வெயிலிலும் பார்ப்பது நல்லது. வெயிலில் திரை வெளிறி எல்லாப் படமும் மென்மையாகத் தெரியும் என்பதால், அளவை அங்கே பார்த்து ஏற்றாமல் அறைக்குள் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.