பகரம் வெடிக்கும்போதும் சகரம் சீறும்போதும்

போனை வாயருகே பிடித்துக் கதையோ கட்டுரையோ வாசித்துப் பதிவு செய்தால் இரண்டு குறைகள் உடனே தெரியும். ப வரும் இடங்களில் ‘டொம்’ என்று ஓர் அதிர்வு விழும். ச, ஸ, ஷ வரும் இடங்களில் காதைக் குத்தும் சீறல் எழும். இரண்டும் வாய்க்கும் மைக்குக்கும் இடையே இருக்கும் குறுகிய தூரத்தால் வருபவைதான். ஆனால் ஒன்று ஒலியின் அடிமட்டத்தில் இருக்கிறது, மற்றது மேல்மட்டத்தில் இருக்கிறது. அதனால் இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

உள்ளங்கையை வாய்க்கு முன்னால் நாலு விரல் தூரத்தில் வைத்து ‘பப்பாளி’ என்று அழுத்திச் சொன்னால் கையில் காற்று மோதுவது தெரியும். ப ஒலிக்க உதடுகள் மூடிக்கொள்கின்றன. பின்னால் அழுத்தம் கூடுகிறது. உதடு திறந்ததும் காற்று வெளியே பாய்கிறது. போனின் கீழ் விளிம்பில், சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறு துளைக்குள்தான் பெரும்பாலும் மைக் இருக்கிறது. அந்தக் காற்று நேராகத் துளைக்குள் புகுந்து மைக்கின் மெல்லிய சவ்வைத் தள்ளிவிடுகிறது. பதிவில் கேட்கும் ‘டொம்’ பெரும்பாலும் காற்றின் அடிதான். அதன் பலம் முக்கியமாக 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும்.

சீறல் வேறு வகை. நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையே உள்ள இடுக்கு வழியே காற்று உரசிப் போகும்போது ச, ஸ, ஷ பிறக்கின்றன. அவற்றின் கூர்மை சுமார் 4,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கும். பெண்குரலில் அது சற்று மேலே அமையும். இந்த உயர் ஒலிகள் வாய்க்கு நேர் எதிரேதான் பலமாகச் செல்லும், பக்கவாட்டில் மெலிந்துவிடும். போனை நேர் எதிரே பிடிப்பவருக்குச் சீறல் முழுசாகப் பதிவாவது இதனால்தான்.

ஆகவே போனை வைக்கும் இடமே முதல் தீர்வு. வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, முகத்துக்கு நேராக இல்லாமல் கன்னத்துப் பக்கம் சாய்வாக வைத்தால் காற்றோட்டம் மைக்கைத் தொடாமல் கடந்து போகும், சீறலும் தணியும். அதற்குமேல் விலக்கினால் அறையின் எதிரொலி கூடிவிடும். ஒரு சாண் தூரத்திலேயே எதிரொலி கேட்டால் மெத்தை, போர்வை, துணி அலமாரி உள்ள அறையில் அமர்ந்து வாசிப்பது நல்லது.

ஏற்கெனவே பதிவாகிவிட்டதைத் திருத்த Audacity என்ற இலவச மென்பொருள் போதும். ‘பாட்டி பறித்த பப்பாளிப் பழம் சரசு கைக்கு வந்தது’ என்ற வரியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். இதில் முதல் பாதி முழுக்கப் பகரம், ‘சரசு’வில் இரண்டு சகரம். வேலை தொடங்குமுன் மூலப் பதிவுக்கு ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரு குறைகளையும் கண்ணாலேயே அடையாளம் காணலாம். வெடிப்பு உள்ள இடத்தில் அலை ஒன்றிரண்டு முறை அகலமாக, மெதுவாக ஏறி இறங்கியிருக்கும். சீறல் உள்ள இடம் நெருக்கமான முள்வேலி போலத் தெரியும்.

முதலில் வெடிப்பைக் கவனிக்க வேண்டும். முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, Effect பட்டியலில் High-Pass Filter என்பதைத் திறந்து, Frequency 80 என்றும் Roll-off 24 dB என்றும் கொடுத்தால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அதிர்வுகள் குறையும். மனிதப் பேச்சில் அதற்குக் கீழே பெரிதாக ஒன்றும் இல்லாததால் குரல் கெடாது. பல ‘டொம்’கள் இதிலேயே அடங்கிவிடும்.

பிடிவாதமாக நிற்பவற்றை மட்டும் தனியே கவனித்தால் போதும். ‘பப்பாளி’யின் ப்ப அப்படி நிற்கிறது என்று கொள்வோம். ப்ப ஒலிக்குமுன் உதடு மூடியிருக்கும் கணத்தில் பதிவு அமைதியாக இருக்கும். அந்த அமைதியில் தொடங்கி, அகன்ற அலை முடியும் இடம் வரை தேர்ந்தெடுக்க வேண்டும். அது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வராது. Z விசையை அழுத்தினால் தேர்வின் இரு முனைகளும் அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளிகளுக்கு நகரும். பிறகு அதே High-Pass Filter, இம்முறை 150 ஹெர்ட்ஸில். கேட்கும்போது தேர்வின் முனையில் ‘டிக்’ என்ற சத்தம் வந்தால், செய்ததை நீக்கிவிட்டு முனையைச் சற்றுத் தள்ளி வைத்து மீண்டும் செய்யலாம். முழுப் பதிவையும் 150-ல் வெட்டினால் குரல் தகரம் தட்டுவதுபோல மெலிந்துவிடும், ஆண்குரலில் இது உடனே தெரியும். தேர்வின் ஒலியளவையே குறைத்துவிட்டாலோ உதடு திறக்கும் ஓசையும் போய், ‘பழம்’ ‘அழம்’ என்று கேட்கும்.

அடுத்தது சீறல். ‘சரசு’வில் முள்வேலிபோல் தெரியும் இரண்டு துண்டுகளையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, Amplify வழியே -4 dB கொடுத்துக் கேட்க வேண்டும். இன்னும் குத்தினால் -6 வரை போகலாம். சகரத்துக்குப் பின் வரும் உயிரொலி தேர்வுக்குள் வந்துவிட்டால் சொல்லின் நடுவே குரல் பள்ளத்தில் விழுந்ததுபோல இருக்கும். நீண்ட வாசிப்பில் ஒவ்வொரு சகரமாகத் திருத்தினால் பொழுது போதாது. அதற்கென்றே டீ-எஸ்ஸர் என்ற கருவி இருக்கிறது. அது உயர் ஒலிப் பகுதியை மட்டும் கவனித்து, குறித்த அளவைத் தாண்டும்போது மட்டும் அதை அமுக்கும். அமுக்கம் அதிகமானால் சகரம் தன் உருவை இழந்து, ‘சரசு’ ‘தரது’ என்று மழலையாக ஒலிக்கும். அப்படிக் கேட்டால் அளவைக் குறைக்க வேண்டும்.

வரிசையும் முக்கியம். வெடிப்பு, சீறல் இரண்டையும் அடக்கிய பிறகே கம்ப்ரெஸ்ஸர் போட்டு ஒலியைச் சமன்செய்து உயர்த்த வேண்டும். கம்ப்ரெஸ்ஸர் பலத்த ஒலியைத் தாழ்த்தி மற்றதை மேலே ஏற்றுவது. திருத்தாமல் அதைப் போட்டால் ஒவ்வொரு ‘டொம்’முக்கும் குரல் அமுங்கி எழும், சீறலும் உயர்ந்து நிற்கும். சரிபார்ப்பதையும் ஹெட்போனில் செய்ய வேண்டும், ஏனெனில் போனின் சிறிய ஸ்பீக்கர் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைச் சரியாக ஒலிக்காது. அதில் கேட்பவருக்கு வெடிப்பு இருப்பதே தெரியாது.

சில இடங்களை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. அலையின் உச்சி கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக இருந்தால், மைக் தாங்கும் அளவைத் தாண்டி ஒலி வெட்டுப்பட்டுவிட்டது என்று பொருள். அங்கே இருந்த குரல் கோப்பில் பதிவாகவே இல்லை. வடிகட்டினால் ‘டொம்’ குறையலாம், கரகரப்பு போகாது. அத்தகைய வரியோடு மல்லுக்கட்டாமல், அதே அறையில், அதே போனை ஒரு சாண் தள்ளிச் சாய்த்து வைத்து, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறுபடி வாசித்துச் சேர்ப்பதே சரி.